கடை வாசலில் ஏர் கர்ட்டன்: குளிர் ஏன் நிற்கவில்லை, வேகம் எவ்வளவு வேண்டும்

திருச்சியில் மேற்குப் பார்த்த ஓர் இனிப்புக் கடை. வாசல் ஆறடி அகலம், எட்டடி உயரம். கண்ணாடிக் கதவு இருக்கிறது. ஆனால் வியாபாரம் நடக்கும் நேரம் முழுக்க அது திறந்தே கிடக்கும். உள்ளே இரண்டு டன் ஏ.சி. இரண்டு. வாசலுக்கு மேலே, காற்றைத் திரைபோலக் கீழ்நோக்கி ஊதும் ஏர் கர்ட்டன். மே மாதப் பிற்பகல் மூன்று மணிக்கு நான் போனபோது மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. கல்லாவில் இருந்தவரோ துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். உள்ளே 31 டிகிரி. "தம்பி, இதைவிட வேகமாக ஊதுகிற மிஷின் ஒன்று பார்த்து மாட்டிக் கொடுங்கள்" என்றார்.

ஏர் கர்ட்டன் வேலை செய்யவில்லை என்று வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை இந்தக் கோரிக்கையோடுதான் வருகின்றன. இயந்திரத்தின் ஊதும் வாயில் எவ்வளவு வேகம் இருக்கிறது என்பதல்ல கேள்வி. அந்தக் காற்று தரையைத் தொடும்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது, தொடும் இடம் எது என்பதே கேள்வி. இந்தக் கடையின் கோளாறுகளை வைத்தே அறிகுறி அறிகுறியாகப் பார்ப்போம்.

வாசலில் என்ன நடக்கிறது

குளிர்ந்த காற்று கனமானது. கதவைத் திறந்துவைத்தால் அது தண்ணீர்போலத் தரையோடு வழிந்து தெருவுக்குப் போகும். போன அளவுக்கு வெளிக்காற்று வாசலின் மேற்பாதி வழியாக உள்ளே வந்து இடத்தை நிரப்பும். கண்ணுக்குத் தெரியாத இந்தக் கொடுக்கல் வாங்கல் கடை திறந்திருக்கும்வரை நிற்காது.

இதே வாசலுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெளியே 38 டிகிரி, உள்ளே 25 என்று வைத்துக்கொண்டால், காற்றே வீசாத நாளிலும் நொடிக்கு ஏறத்தாழ 0.85 கன மீட்டர் காற்று இடம் மாறும். அதோடு வரும் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து சுமார் 22 கிலோவாட். ஒரு டன் என்பது 3.5 கிலோவாட், ஆகவே ஆறு டன் குளிர்ச்சி வாசலுக்கு மட்டுமே போய்விடும். கடையில் இருப்பதோ நான்கு டன். ஏ.சி.யை 16-ல் வைத்தாலும் 24-ல் வைத்தாலும் ஒன்றுதான். கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், 25 டிகிரி மட்டும் வராது. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வெயில் இதைவிடக் குறைந்த நாளிலும் நிலைமை மோசமாகும். அங்கே வெப்பத்தைவிட ஈரப்பதம்தான் ஏ.சி.க்குப் பெரிய சுமை.

காற்றுத் திரை சரியாக அமைந்தால் இந்தப் பரிமாற்றத்தில் 60 முதல் 80 விழுக்காடு வரை தடுக்கும். ஆறு டன் இழப்பு இரண்டு டன்னுக்கு அருகே இறங்கும். இந்த அளவு வாசலுக்கான இயந்திரம் எடுக்கும் மின்சாரம் 300, 400 வாட்தான். லாபம் முழுவதும் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. ஆனால் மூடிய கதவுக்கு எந்தத் திரையும் ஈடாகாது. கதவை மூடிவைக்க முடிகிற கடையென்றால் முதலில் ஒரு டோர் குளோசர் போடுங்கள்.

சோதனை: முதலில் திரையை நிறுத்துங்கள்

தேவையானது ஓர் ஊதுபத்தி. முடிந்தால் கையடக்கக் காற்று வேகமானி ஒன்று. ஏர் கர்ட்டனை நிறுத்திவிட்டு, நிலைப்படிக்கு நேராக ஊதுபத்தியை மூன்று உயரங்களில் பிடியுங்கள்: கணுக்கால், இடுப்பு, தலைக்கு மேல்.

கணுக்கால் அருகே புகை வெளியே போக வேண்டும், தலைக்கு மேலே உள்ளே வர வேண்டும், இடுப்பருகே தயங்கி நிற்க வேண்டும். அப்படி இருந்தால் உங்கள் எதிரி வெப்பநிலை வித்தியாசம் மட்டுமே. அதை எந்த நல்ல திரையும் சமாளிக்கும். மூன்று உயரத்திலும் புகை உள்ளேயே வந்தால் இரண்டாம் அறிகுறிக்குப் போங்கள்; திரையைத் தொடவே வேண்டாம். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் இயந்திரத்தை மாற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி 1: திரை ஓடும்போதும் வெளியே நிற்பவரின் கால் சில்லிடுகிறது

வாடிக்கையாளர் வெளிப்படியில் செருப்பைக் கழற்றும்போதே பாதத்தில் குளிர் தெரிகிறதா? திரை தரையைத் தொடவில்லை என்று பொருள். மேலே பலமாக ஊதும் காற்று பாதி வழியில் களைத்துப்போகிறது. அதன் அடியில் குளிர் வழக்கம்போல் வழிகிறது. தரைக்கு ஒரு சாண் மேலே வேகமானியைப் பிடித்து இடது, நடு, வலது என்று அளந்து பாருங்கள். சாதாரணக் கடை வாசலுக்கு அங்கே நொடிக்கு 2 முதல் 3 மீட்டர் இருக்க வேண்டும். இந்தக் கடையில் இருந்தது 1.2.

முதலில் அழுக்கைப் பாருங்கள். காற்றை உள்ளிழுக்கும் வலையில் தூசும், இனிப்புக் கடையென்றால் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கம்பளம்போல் படிந்திருக்கும். சுழலியின் இறகுகளிலும் அதே படிவு இருக்கும். இங்கே வலையைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன், மறுபக்கம் தெரியவில்லை. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவியதும் ஊதும் வாயில் இருந்த வேகம் 6 மீட்டரிலிருந்து 7.5 ஆனது.

அடுத்தது கெபாசிட்டர். ஒற்றை பேஸ் மோட்டாரில் கெபாசிட்டர் தளர்ந்துபோனால் மோட்டார் நின்றுவிடாது. முனகிக்கொண்டு, தேவையான வேகத்துக்கு ஏறாமல் சுற்றும். யாருக்கும் சந்தேகம் வராத கோளாறு இது. ஸ்விட்ச் போட்டதும் வேகம் பிடிக்க அதிக நேரம் எடுத்தால் அதை மாற்றிப் பாருங்கள். மின் இணைப்பைத் துண்டித்து, கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை இறக்கிய பிறகே கைவைக்க வேண்டும். பெரிய வாசல்களில் உள்ள மூன்று பேஸ் இயந்திரங்களில் இன்னொரு விளையாட்டு உண்டு. வயர் மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றினாலும் நத்தைக்கூடு வடிவ புளோயர் அதே திசையில்தான் ஊதும். பலம் மட்டும் பாதியாகிவிடும். ஊதுகிறதே என்று யாரும் கவனிப்பதில்லை. உறையில் உள்ள அம்புக்குறியோடு சுற்றும் திசையை ஒப்பிட்டுப் பார்த்து, மாறியிருந்தால் இரண்டு பேஸ் வயர்களை இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

மூன்றாவது, மாட்டியிருக்கும் இடம். இங்கே வாசல் உயரம் 2.4 மீட்டர், இயந்திரமோ ஷட்டர் பெட்டிக்கு மேலே 2.9 மீட்டரில் இருந்தது. இறங்கும் காற்று முதலில் ஷட்டர் பெட்டியின் விளிம்பில் மோதிச் சிதறியது. ஏர் கர்ட்டனின் வாய், திறப்பின் மேல் விளிம்புக்கு ஒட்டி, சுவரின் உட்பக்கத்தில், குறுக்கே எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். மாட்டுகிறவருக்கு ஏணியில் எது வசதியோ அந்த இடத்தில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்.

நான்காவது, நீளம். ஆறடி வாசலுக்கு ஐந்தடி இயந்திரம். கொஞ்சம் விலை மிச்சம். இரு பக்கமும் அரையடி திறந்தே கிடக்க, குளிர் அந்தச் சந்துகள் வழியாக ஒழுகியது. திரையின் நீளம் வாசலின் அகலத்தைவிடக் குறையவே கூடாது. இங்கே புது இயந்திரம் வாங்காமல், இரு பக்கமும் அரையடி அகல அக்ரிலிக் பலகையைத் தரையிலிருந்து மேல்வரை பொருத்தி வாசலையே ஐந்தடியாக்கினோம். செலவு குறைவு; தவிர, வாசல் சிறியதானால் தடுக்க வேண்டிய காற்றும் குறையும்.

அறிகுறி 2: திரை ஓடினாலும் நின்றாலும் எல்லா உயரத்திலும் புகை உள்ளே வருகிறது

இந்தக் கடையின் முதன்மைக் கோளாறு இதுதான். திரையை நிறுத்திப் பார்த்தபோது கணுக்கால் அருகேகூடப் புகை உள்ளே நகர்ந்தது. திரையை ஓடவிட்டாலும் அதன் அடிப்பகுதி கடைக்குள் இழுபட்டு, நிலைப்படிக்கு இரண்டடி உள்ளே தரையைத் தொட்டது.

கடைக்குள்ளே எங்கோ காற்று வெளியேற்றப்படுகிறது. பின்னால் போய்ப் பார்த்தால் பலகாரம் பொரிக்கும் அறை. சுவரில் 18 அங்குல எக்ஸாஸ்ட் விசிறி. அதன் தகட்டில் மணிக்கு 4,300 கன மீட்டர் என்று எழுதியிருந்தது. நொடிக்கு ஏறக்குறைய 1.2 கன மீட்டர். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை, கடைக்கும் அறைக்கும் நடுவே கதவும் இல்லை. வெளியேறும் காற்றுக்கு ஈடாக அதே அளவு காற்று வந்தே தீர வேண்டும். வருவதற்கு இருந்த ஒரே வழி கடை வாசல். இந்த அளவு வெயில் காற்றைக் குளிர்விக்க எட்டு டன்னுக்கு மேல் வேண்டும். வாசலின் பரப்புக்குப் பிரித்தால் அது நொடிக்கு 0.28 மீட்டர் வேகம்தான். தோலில் உறைக்காது, ஊதுபத்தி மட்டுமே காட்டிக் கொடுக்கும்.

வந்தே தீர வேண்டிய காற்றை எந்தத் திரையும் தடுக்காது, எவ்வளவு வேகமாக ஊதினாலும். விசிறிக்கு வேறொரு வழியைத் திறந்துவிடுவதுதான் மருந்து. பொரிக்கும் அறையின் பின்சுவரில், அடுப்புக்கு அருகே, சாய்வுப் பட்டைகள் கொண்ட காற்றுத் திறப்பான லூவர் ஒன்றை மூன்றடிக்கு மூன்றடி அளவில் வைத்தோம். கணக்குப்படி நான்கைந்து சதுர அடி போதும்; லூவர் பட்டைகளே பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால் பெரிதாக வேண்டியிருந்தது. கடைக்கும் அறைக்கும் நடுவே தள்ளுகதவு. லூவர் வைத்த அன்றே வாசலில் புகையின் போக்கு மாறியது: கணுக்காலில் வெளியே, தலைக்கு மேல் உள்ளே. அதன் பிறகே ஏர் கர்ட்டனில் கைவைத்தேன்.

உங்கள் கடையிலும் எக்ஸாஸ்ட்தான் காரணமா என்று சந்தேகமிருந்தால், அதை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு அதே ஊதுபத்திச் சோதனையைச் செய்யுங்கள். கழிப்பறை விசிறி, மேல்மாடிக்குப் போகும் திறந்த படிக்கட்டு ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். படிக்கட்டு உள்ள இரண்டு மாடிக் கடையில் மேல்மாடி ஜன்னல் ஒன்று திறந்திருந்தாலே போதும்.

அறிகுறி 3: ரசீது பறக்கிறது, முந்தானை பறக்கிறது, கடை மட்டும் குளிரவில்லை

இது வேகம் கூடிப்போன கடை. இறங்கும் காற்று தரையில் மோதியதும் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி வெளியே, ஒரு பாதி உள்ளே ஓடும். போகும் வழியெல்லாம் பக்கத்துக் காற்றையும் தன்னோடு இழுத்துக் கலக்கிக்கொண்டே இறங்கும். அளவுக்கு மேல் வேகம் வைத்தால் தடுப்பதைவிடக் கலக்குவது அதிகமாகிவிடும்; வெளியே இருக்கும் வெப்பத்தைத் திரையே அள்ளி உள்ளே ஊற்றும். தரையருகே 4 மீட்டருக்கு மேல் அளவு வந்தால் ஒரு படி குறைத்துவிட்டு, உள்ளே ஐந்தடி தூரத்தில் கால் மட்டத்தில் மறுபடியும் ஊதுபத்தி பிடியுங்கள். புகை அங்கே சிதறாமல் மெல்ல நகர்ந்தால் போதும்.

ஊதும் வாயில் உள்ள தகடுகள் உள்பக்கம் சாய்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான். துடைக்கும்போது கைபட்டுத் திரும்பியிருக்கலாம். தகடுகளை நேராக்கி, பிறகு வெளிப்பக்கம் 10 முதல் 15 டிகிரி சாயுங்கள். 2.4 மீட்டர் உயரத்திலிருந்து 10 டிகிரி சாய்த்தால், தடையில்லாத காற்று நிலைப்படிக்கு 40 சென்டிமீட்டர் வெளியே இறங்கும். உள்ளே தள்ளும் அழுத்தம் அதைச் சற்றே திருப்பி நிலைப்படி அருகே கொண்டுவந்துவிடும்.

வாங்கும்போது வேகத்தை எப்படிக் கணக்கிடுவது

காற்று இறங்க இறங்க வேகம் குறையும். எவ்வளவு குறையும் என்பதை ஒரு சூத்திரம் ஓரளவுக்குச் சொல்லிவிடும்:

```
u = 2.4 × u0 × √(b / H)
```

u0 என்பது வாயில் உள்ள வேகம், b என்பது வாயின் அகலம், H என்பது மாட்டியிருக்கும் உயரம், u என்பது கீழே மிஞ்சும் வேகம். நீளங்கள் மீட்டரில், வேகங்கள் நொடிக்கு மீட்டரில். வாய் 6.5 சென்டிமீட்டர், வேகம் 9, உயரம் 2.4 என்றால் கீழே 3.5 கிடைக்கும். தரையில் மோதும் இடத்தில் இன்னும் கொஞ்சம் குறைந்து 2.5, 3 என்று அளவில் வரும். நமக்கு வேண்டியதும் அதுவே. அதே இயந்திரத்தை 3 மீட்டரில் மாட்டினால் சூத்திரத்தின் விடை 3.2 ஆகும், ஆகவே உயரமான வாசலுக்கு வாயில் 10, 11 வேண்டும்.

விற்பனைத்தாளில் வேகத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். திரையின் பலம் வேகத்தின் வர்க்கத்தை வாயின் அகலத்தால் பெருக்கியது. 3.5 சென்டிமீட்டர் வாயில் 12 மீட்டர் ஊதும் இயந்திரமும், 6.5 சென்டிமீட்டர் வாயில் 9 மீட்டர் ஊதும் இயந்திரமும் ஏறத்தாழச் சமபலம். முதலாவது தாளில் கம்பீரமாகத் தெரியும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு நாள் முழுக்க இரைச்சல். இரண்டில் ஒன்றைக் கேட்டால் அகல வாய்க்காரனையே வாங்கச் சொல்வேன். வாயின் அகலத்தைத் தாளில் போடாத கடைகளும் உண்டு, ஸ்கேலோடு போங்கள்.

அறிகுறி 4: ஆடி வந்தால் மட்டும் திரை தோற்கிறது

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்; ஏர் கர்ட்டன் எம்மாத்திரம்? மேற்குப் பார்த்த வாசலென்றால் திருச்சியிலும் கோவையிலும் இந்தப் புகார் வந்தே தீரும். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நேரே வீசும் காற்று வாசலில் ஏறத்தாழ 5 பாஸ்கல் அழுத்தம் கொடுக்கும். 38 டிகிரி வெயிலும் 25 டிகிரிக் கடையும் சேர்ந்து கொடுக்கும் அழுத்தம் அதில் ஒன்பதில் ஒரு பங்குதான். சாதாரணக் கடைத் திரை ஓரிரு பாஸ்கலுக்கு மேல் தாங்காது.

வேகத்தைக் கூட்டும்முன் பின்வாசலை மூடுங்கள். முன்னே நுழைந்த காற்று பின்னே போக வழியிருந்தால் கடை ஒரு குழாய் ஆகிவிடும். வழியை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, காற்று வாசலிலேயே முட்டி நின்றுவிடும். மிச்சத்தைத் திரை பார்த்துக்கொள்ளும். பின்வாசல் மூடிய பிறகும் தோற்றால், சாய்வை 15 டிகிரிக்குக் கொண்டுவந்து, இந்தக் காற்றுக் காலத்தில் மட்டும் உயர் வேகத்தில் ஓட்டலாம். அதற்கும் மேல் என்றால் வாசலுக்கு முன்னே பக்கவாட்டில் ஒரு கண்ணாடித் தடுப்போ, இரட்டைக் கதவோதான் வழி.

அறிகுறி 5: ஈ வருகிறது

குளிரைத் தடுக்கும் வேகமும் ஈயைத் தடுக்கும் வேகமும் ஒன்றல்ல. உணவு இடங்களுக்கான அமெரிக்கத் தரவிதியான என்.எஸ்.எஃப். 37, வாடிக்கையாளர் வாசலில் தரைக்கு மூன்றடி மேலே, வாசலின் அகலம் முழுவதும், நிமிடத்துக்கு 600 அடி வேகம் கேட்கிறது. நொடிக்கு 3 மீட்டர். இனிப்புக் கடைக்கு நான் அந்த அளவையே குறியாக வைத்துக்கொள்கிறேன். மூன்றடி உயரத்தில் 3 இருந்தால் தரையில் 2.5 அளவில் இருக்கும். குளிருக்கும் அது போதும். ஓரங்களில் மட்டும் ஈ வந்தால் மறுபடியும் நீளத்தைப் பாருங்கள்.

திருச்சிக் கடைக்குத் திரும்புவோம். லூவரும் தள்ளுகதவும் முதல் நாள். இரண்டாம் நாள் வலை கழுவி, கெபாசிட்டர் மாற்றி, இயந்திரத்தை ஷட்டர் பெட்டிக்குக் கீழே இறக்கி, அக்ரிலிக் பலகைகள் பொருத்தி, தகடுகளை 10 டிகிரி வெளியே சாய்த்தோம். வாயில் வேகம் 9. தரையில் இடது 2.6, நடு 2.8, வலது 2.5. மறுநாள் மூன்று மணிக்கு உள்ளே 26 டிகிரி. ஒரு ஏ.சி.யின் கம்ப்ரஸர் நின்ற சத்தம் கேட்டதும் கடைக்காரர் பதறி எழுந்து, "என்ன தம்பி, கெட்டுப்போய்விட்டதா?" என்றார். அந்தக் கோடையில் அது நின்று அவர் பார்த்ததே இல்லை.